எஸ்3-இணக்கம் என்று பலகை மாட்டியிருக்கும் சேமிப்பக நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிறு நிறுவனங்கள் சிலவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற இணையச் சேமிப்பகத்தைத் திறந்தது. அதில் கோப்புகளைப் போட்டுவைக்கும் இடத்துக்குப் பக்கெட் என்று பெயர். பிறகு பேக்பிளேஸ், வசாபி, கிளவுட்ஃப்ளேர், இன்னும் பலர் அதே கதவு, அதே பூட்டு என்ற அமைப்பில் மலிவான பக்கெட்டுகளைத் தரத் தொடங்கினீர்கள். அதனால் பலன் பெற்றவர்களில் நானும் ஒருவன். அமேசானின் வர்ஜீனியா மையத்தில் ஒரு ஜிபிக்கு மாதம் 2.3 சென்ட். போதாக்குறைக்கு நம் தரவை நாமே வெளியே எடுக்கவும் தனிக் கட்டணம். இருபது பேர் வேலை செய்யும் ஒரு கடையின் கணக்குப் புத்தகத்தை அங்கே வைக்க எனக்கு மனம் வருவதில்லை. நீங்கள் இல்லாவிட்டால் அவர்களில் பாதிப்பேர் காப்புநகலே வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். உங்கள் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் இருக்கிறது: எண்ட்பாயிண்ட் முகவரியை மட்டும் மாற்றுங்கள், உங்கள் பழைய மென்பொருள் அப்படியே ஓடும். முதல் நாளில் அது உண்மைதான். முகவரி, ரீஜன் பெயர், இரண்டு சாவிகள், இவ்வளவுதான் மாற்றம். சில இடங்களில் பக்கெட் பெயரை டொமைனுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சிக்கல் வருவது முதல் நாளில் அல்ல.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. பிறகு அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தை இரவுதோறும் `gzip` செய்து 40 ஜிபி கோப்பாகப் பக்கெட்டில் ஏற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. கடைசி 14 நாள் நகல்களை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். எந்த நேரத்திலும் பக்கெட்டில் 560 ஜிபி. அமேசானிலிருந்து மலிவான இடத்துக்கு மாற்றினேன், நான்கு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. 2025 பிப்ரவரியில் வேறு ஏதோ காரணத்துக்காகக் கண்டெய்னரைப் புதிதாகக் கட்டினேன். எஸ்3-உடன் பேச ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் அமேசானின் பைத்தான் நூலகம் `boto3`, அதில் எந்தப் பதிப்பு என்று நான் கட்டிவைக்கவில்லை, அது என் தவறு. 1.36 வந்து உட்கார்ந்துகொண்டது.

இருபத்து மூன்று நாள் கழித்துக் கட்டணப் பக்கத்தைப் பார்த்தால் பக்கெட்டில் 1,480 ஜிபி. பழைய நகல் ஒன்றுகூட அழியவில்லை. லாகில் இரவுதோறும் ஒரே வரி: `MissingContentMD5`. அழிப்பது தோற்றால் ஸ்கிரிப்ட் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு மேலே போகும்படி எழுதியிருந்தேன்.

சந்தேகம் வந்து, முந்தைய நாள் கோப்பை இறக்கித் திறந்து பார்த்தேன். `not in gzip format` என்றது. அதற்கு முந்தைய நாளும் அப்படியே. 23 நாள் நகல்களும் அப்படியே. அழிப்பதும் தோற்றிருந்ததால்தான் கண்டெய்னரை மாற்றுவதற்கு முன்பு ஏற்றிய 14 நல்ல நகல்கள் தப்பின. அழிப்பது மட்டும் ஒழுங்காக நடந்திருந்தால், பதினான்காம் நாளோடு நல்ல நகல் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

காரணம் இதுதான். 2025 ஜனவரியில் அமேசான் தன் நூலகங்களின் இயல்பு நடத்தையை மாற்றியது. அதுவரை கேட்டால்தான் சேர்க்கும் சரிபார்ப்பு எண்ணை, அதாவது சிஆர்சி32-ஐ, இனி கேட்காமலே சேர்க்கும். கோப்பை ஏற்றும்போது அந்த எண்ணை முன்னால் ஹெடரில் வைக்காமல் உடலின் கடைசியில் ஒட்டுகிறது. அதற்காகக் கோப்பை ஒரு எம்பி துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் நீளத்தைப் பதினாறடிமான எண்ணில் எழுதி அனுப்புகிறது. வாங்கும் சர்வர் இந்த நீள வரிகளைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வைக்க வேண்டும். அமேசான் கழற்றுகிறது. நான் இருந்த இடம் கழற்றவில்லை. வந்ததை வந்தபடி கோப்பில் எழுதிவிட்டு, 200, எல்லாம் நலம் என்று பதில் சொன்னது.

கண்டுபிடிப்பது எளிது. ஏற்றிய கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்தால் போதும்:

```
aws s3 cp s3://பக்கெட்/dump.sql.gz - \
  --endpoint-url https://... | head -c 16 | xxd
```

நல்ல `gzip` கோப்பு `1f8b` என்று தொடங்கும். கெட்டது `3130 3030 3030 0d0a` என்று தொடங்கும். அது `100000` என்ற எழுத்துகளும் ஒரு வரிமுறிவும். பதினாறடிமானத்தில் 100000 என்பது சரியாக ஒரு எம்பி. கோப்பின் அளவை வைத்துப் பிடிக்கலாமே என்று கேட்கலாம். துண்டுக்குப் பத்து பைட், அதோடு பெரிய கோப்பை நூலகம் பல பகுதிகளாக ஏற்றுவதால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கொஞ்சம் என்று 40 ஜிபியில் கூடுவது ஏறத்தாழ 600 கேபிதான். உங்கள் கட்டுப்பாட்டுப் பக்கம் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டும்போது அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் உள்ளே தரவு முழுவதும் இருக்கிறது. நீள வரிகளைப் படித்துக் கழற்றும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி 23 நகல்களையும் மீட்டேன். இதே நிலையில் இருப்பவர்கள் கோப்புகளை அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம்.

ஏற்றுவதைச் சரிசெய்ய இரண்டு வரி போதும்:

```
export AWS_REQUEST_CHECKSUM_CALCULATION=when_required
export AWS_RESPONSE_CHECKSUM_VALIDATION=when_required
```

இது பழைய நடத்தைக்குத் திருப்பிவிடும். ஆனால் அழிப்பதை இது சரிசெய்யாது, பலரும் இங்கேதான் மறுபடி சறுக்குகிறார்கள். ஒரே கோரிக்கையில் பல கோப்புகளை அழிக்கும் `DeleteObjects`-க்குச் சரிபார்ப்பு எண் எப்போதுமே கட்டாயம். முன்பு நூலகம் அதற்கு `Content-MD5` என்ற பழைய வகை எண்ணை அனுப்பியது. இப்போது `when_required` என்று வைத்தாலும் சிஆர்சி32-தான் அனுப்பும். `Content-MD5` மட்டுமே தெரிந்த சர்வர் மறுத்துவிடும். நான் கடைசியில் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக `delete_object` கொண்டு அழிக்கும்படி மாற்றினேன். நாளுக்கு ஒரு கோப்பு அழிக்கும் எனக்கு அதனால் நட்டமில்லை. லட்சக்கணக்கில் அழிப்பவர்கள் நூலகத்தைப் பழைய பதிப்பிலேயே கட்டிவைக்க வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு தோல்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழிக்கும் கோரிக்கையில் உங்கள் சர்வர் தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று சொன்னது. லாகில் வரி விழுந்தது, நான் பார்த்தேன். ஏற்றும் கோரிக்கையில் புரியாததை விழுங்கிவிட்டு ஆமாம் என்றது. அமேசானின் அதே இடைமுகத்தில் இதற்கென்றே ஒரு பதில் இருக்கிறது: 501, `NotImplemented`. நீங்கள் அனுப்பிய ஹெடர் குறிக்கும் வசதி இங்கே இல்லை என்பது அதன் பொருள். கதவையும் பூட்டையும் பார்த்துச் செய்தவர்கள் இதையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதே மௌனம் இன்னோர் இடத்தில் இதைவிட மோசமாகக் கடிக்கும். 2024 ஆகஸ்டிலிருந்து எஸ்3-இல் `If-None-Match: *` என்ற ஹெடரோடு எழுதலாம். அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் 412 வரும், எழுதாது. இதையே பூட்டாக வைத்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வேலையைத் தொடாமல் தடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. சர்வர்களை அமைக்கும் கருவியான டெராஃபார்மின் நிலைக்கோப்புப் பூட்டு அதில் ஒன்று. இந்த ஹெடரைக் கண்டுகொள்ளாத சர்வர் இருவருக்குமே 200 தரும். இருவருமே பூட்டு தன் கையில் என்று நம்புவார்கள். குடியேறுவதற்கு முன் யாரும் சோதித்துவிடலாம்:

```
aws s3api put-object --bucket b --key lock \
  --if-none-match '*' --endpoint-url https://...
```

இதை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறை `PreconditionFailed` வராவிட்டால், அந்தப் பக்கெட்டில் பூட்டு இல்லை.

இடைமுகத்தில் தெரியாத இன்னொரு வேறுபாடு, அழிப்பதற்கான கட்டணம். குறைந்தபட்சச் சேமிப்புக் காலம் என்ற விதியைச் சொல்கிறேன். வசாபி தன் வழக்கமான திட்டத்தில் 90 நாள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. ஆனால் என் ஸ்கிரிப்டை அப்படிப்பட்ட விதியின் கீழ் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு 40 ஜிபி கோப்பும் 14 நாள்தான் வாழ்கிறது, ஆனால் 90 நாளுக்குப் பணம் கட்ட வேண்டும். பக்கெட்டில் இருப்பது 560 ஜிபி, பில் வருவது 3,600 ஜிபிக்கு. ஆறு மடங்குக்கும் மேல். ஒரு ஜிபி விலை அமேசானில் மூன்றில் ஒன்றாகவே இருந்தாலும் மாதச் சேமிப்புக் கட்டணம் இரட்டிப்பாகிவிடும். வருடக்கணக்கில் தொடாத பழைய படங்களுக்கு இந்த விதி ஒரு பொருட்டே இல்லை. தினமும் சுழலும் காப்புநகலுக்கு இது பொருந்தாது. உங்கள் விலைக் கணக்கிடும் பக்கம் எத்தனை டிபி என்று கேட்கிறது. ஒரு கோப்பு எத்தனை நாள் இருக்கும் என்று ஏன் கேட்பதில்லை?

அமேசான் செய்வதையெல்லாம் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் இந்த விலைக்குத் தர முடியாது என்பது எனக்குத் தெரியும். கிளவுட்ஃப்ளேர் தன் சேமிப்பகமான ஆர்2-வுக்கு எந்தக் கட்டளை உண்டு, எந்தக் கட்டளை இல்லை, ஒவ்வொன்றிலும் எந்த ஹெடர் இல்லை என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. பல பகுதிகளாக ஏற்றும்போது கடைசிப் பகுதியைத் தவிர மற்றவை ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற தன் தனி விதியையும் எழுதிவைத்திருக்கிறது. அமேசானில் அந்தக் கட்டாயம் இல்லை. அதைப் படித்த ஒருவர் தன் கருவி பகுதிகளை எப்படி வெட்டுகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வார். உங்கள் எல்லோரிடமும் அப்படி ஓர் அட்டவணை வேண்டும், அதில் கடைசியாகச் சோதித்த `boto3` பதிப்பும் தேதியும் இருக்க வேண்டும். அமேசானின் நூலகம் அமேசானுக்காக எழுதப்பட்டது, அது நாளையும் மாறும். புதிய பதிப்பு வந்த வாரத்திலேயே அதைக் கொண்டு ஒரு கோப்பை ஏற்றி, இறக்கி, பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டு, அழித்துப் பார்க்க உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகுமா?

அந்தச் சோதனை தோற்ற அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என் வாடிக்கையாளருக்கு அது 23 நாள் முன்னதாகக் கிடைத்திருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பக்கெட்டுகளை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒருவன்