நீங்களா, பேசுவீங்களா

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் பாப்பா என்னிடம், "தாத்தா, நீங்களா நாளைக்குப் பேசுவீங்க?" என்று கேட்டாள். நானும் யோசிக்காமல், "ஏன் கண்ணு, பாட்டி பேசினா வேண்டாமா?" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை அப்படியே வாயடைத்துப்போனாள். அப்புறம் நீ போனை வாங்கி, "அவ பேசுவீங்களான்னு கேக்க வந்தாப்பா, தமிழ் இன்னும் சரியா வரலை" என்றாய்.

போனை வைத்த பிறகும் அதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் வரவில்லை என்று நீ சொன்னது சரியில்லை அம்மா. அவள் கேட்டது நல்ல தமிழ்க் கேள்விதான். என்ன, அவள் கேட்க நினைத்த கேள்வி அது இல்லை. தப்பு எங்கே நடந்தது என்று உனக்குத் தெரிந்தால் அவளைத் திருத்துவது சுலபம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் மனசுக்குள் முதலில் வந்தது "வில் யூ கால் டுமாரோ?" என்பதாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் "யூ வில் கால்" என்பது செய்தி. அதைக் கேள்வியாக்க 'வில்' எழுந்து 'யூ'வைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறது. கேள்வி என்பது வாக்கியத்தின் தலையிலேயே தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் அப்படிப் பேசுகிற பிள்ளை, தமிழிலும் கேள்வியின் அடையாளத்தைத் தலையில்தான் தேடுவாள். தலையில் அவளுக்குக் கிடைத்த சொல் 'நீங்கள்'. 'ஆ'வைக் கொண்டுபோய் அதில் ஒட்டிவிட்டாள்.

தமிழில் எந்தச் சொல்லும் இடம் மாறுவதில்லை. "நாளைக்குப் பேசுவீங்க" என்று வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்து, கடைசியில் 'ஆ' சேர்த்தால் போதும்: "பேசுவீங்களா?" ஆங்கிலத்தில் 'வில்', 'இஸ்' மாதிரி முன்னால் போக ஒரு துணைச்சொல் இல்லாவிட்டால் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டும். "யூ வென்ட்" என்பது "டிட் யூ கோ?" ஆகிறது. இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொள்வதால் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிவிடுகிறது. நம்மவர்கள் "டிட் யூ வென்ட்?" என்று தடுமாறுவது இதில்தான். தமிழில் "போனாய்" என்பது "போனாயா" ஆகும்போது காலமும் இடமும் உள்ளபடியே இருக்கின்றன.

நம் 'ஆ'வுக்கு இன்னொரு சக்தி உண்டு. பாப்பா மாட்டிக்கொண்டது அதில்தான். அது வினைச்சொல்லில் மட்டும் ஒட்டுவதில்லை. வாக்கியத்தில் எந்தச் சொல்லில் சந்தேகமோ அந்தச் சொல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். "அண்ணன் நேற்று புத்தகத்தை மேசையில் வைத்தான்" என்று ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள். "வைத்தானா?" என்றால் நடந்ததா இல்லையா என்று பொதுவாகக் கேட்கிறோம். "மேசையிலா வைத்தான்?" என்றால் எங்கேயோ வைத்தது உறுதி, மேசைதானா என்பதுதான் சந்தேகம். "நேற்றா வைத்தான்?" என்றால் வைத்ததிலும் சந்தேகமில்லை, மேசையிலும் சந்தேகமில்லை, நாளில்தான் சந்தேகம். "புத்தகத்தையா வைத்தான்?" என்றால் அவன் வேறு எதையோ வைத்திருப்பான் என்று நினைத்தோம் என்று அர்த்தம், கொஞ்சம் ஆச்சரியமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆளைப் பற்றிக் கேட்டால் வினையும் பெரும்பாலும் உருமாறிவிடும்: "அண்ணனா வைத்தது?"

இதை ஆங்கிலத்தில் கேட்பதென்றால் "டிட் ஹீ புட் இட் ஆன் த டேபிள்?" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு குரலை ஒரு தடவை இந்தச் சொல்லில் அழுத்த வேண்டும், இன்னொரு தடவை அந்தச் சொல்லில் அழுத்த வேண்டும். எழுதிவிட்டால் அந்த அழுத்தம் காணாமல் போய்விடும். இல்லையென்றால் "வாஸ் இட் ஆன் த டேபிள் தட்..." என்று சுற்றி வளைக்க வேண்டும். நமக்கு ஒரே ஒரு 'ஆ' போதும், தாளிலும் அது அப்படியே நிற்கும். எனக்கு இதில் இன்றைக்கும் தீராத சந்தோஷம்.

ஆக, "நீங்களா பேசுவீங்க?" என்று கேட்டபோது, யாரோ பேசப்போவது உறுதி, அது நான்தானா என்று அவள் கேட்டதாக என் காதில் விழுந்தது. பாட்டியை நான் இழுத்தது அதனால்தான்.

இந்த 'ஆ' போக முடியாத இடமும் உண்டு. "புதிய புத்தகம்" என்பதில் 'புதிய'வின் மேல் அது உட்காராது. "புதிய புத்தகமா?" என்று கடைசியில்தான் வர வேண்டும், அல்லது "புத்தகம் புதியதா?" என்று வாக்கியத்தையே மாற்ற வேண்டும். "நேற்று வந்த மாமா" என்பதிலும் அப்படித்தான், "மாமாவா" என்றுதான் ஒட்டும். பாப்பா இதில் தப்பு செய்து நான் கேட்டதே இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். "பாட்டியா", "அம்மாவா" என்று இடையில் வரும் யகரத்தையும் வகரத்தையும் அவள் மாற்றிப் போடுவதே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் காது பிடித்துக்கொண்டது. ஒட்டத் தெரிகிறது, எந்த இடத்தில் ஒட்டுவது என்பதில்தான் குழப்பம்.

எங்கே, யார், எப்போது என்கிற கேள்விகள் வேறு வகை. கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நன்னூல்கூட வினா எழுத்துகளை அவை நிற்கும் இடத்தை வைத்துத்தான் பிரிக்கிறது: எ, யா சொல்லின் முதலில் வரும், ஆ, ஓ கடைசியில் வரும், ஏ இரண்டு பக்கமும் வரும். முதலில் வருவது ஒன்று இருந்தால் கடைசியில் 'ஆ' வேண்டியதில்லை. "எங்கே போனீங்க?" அவ்வளவுதான். ஆனால் ஆங்கிலத்தில் 'வேர்' முன்னால் வந்த பிறகும் "வேர் டிட் யூ கோ?" என்று 'டிட்' வந்தாக வேண்டும். ஒரு கேள்விக்கு இரண்டு அடையாளம். அதனால்தான் போன மாதம் அவள், "தாத்தா, எங்கே போனீங்களா?" என்றாள். அதை நீ விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாய். 'எங்கேயாவது' என்று மாற்றினால்தான் அந்த 'ஆ'வுக்கு இடம் கிடைக்கும்: "எங்கேயாவது போனீங்களா?" ஆனால் அப்போது கேள்வியே வேறாகிவிடும், போனேனா இல்லையா என்றுதான் நான் பதில் சொல்வேன்.

உன் அம்மா "யாரா? உன் மாமாதான்!" என்று சொல்வதை அவள் கேட்டிருப்பாள். அங்கே 'யார்' மேல் 'ஆ' வருகிறதே என்று அவள் கேட்டால் திகைக்காதே. அது "யாரென்றா கேட்கிறாய்?" என்பதன் சுருக்கம்.

கேள்விச்சொல் எங்கே வரும் என்றால், பதில் எந்த இடத்தில் வருமோ அந்த இடத்தில். "புத்தகம் மேசையில் இருக்கிறது" என்பதில் 'மேசையில்' என்பதை எடுத்துவிட்டு 'எங்கே' வைத்தால் கேள்வி தயார். அவள் "எங்கே இருக்கு புத்தகம்?" என்று கேட்டாலும் விட்டுவிடு. நாமும் அப்படிப் பேசுகிறவர்கள்தான்.

நான் கொஞ்சம் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று நான் கேட்டபோது பாப்பா சொன்னாள்: "அப்பா வந்தால் எனக்குத் தெரியாது." அவர் வந்தால்கூட அவளுக்குத் தெரியாது என்று ஆகிவிட்டது! அவள் சொல்ல நினைத்தது "ஐ டோன்ட் நோ இஃப் டாடி கேம்". ஆங்கிலத்து 'இஃப்' இரண்டு வேலை பார்க்கிறது. 'வந்தால்' என்பதற்கும் அதுதான், 'வந்தாரா என்று' என்பதற்கும் அதுதான். தமிழில் இரண்டும் தனித்தனி. தெரியாது, கேட்டேன், பார்க்கிறேன் மாதிரி ஒரு சொல் பின்னால் வந்தால் கேள்வியை உடைக்காமல் முழுசாக வைத்து 'என்று' சேர்க்க வேண்டும்: "அப்பா வந்தாரா என்று தெரியாது." பேச்சில் "வந்தாரான்னு தெரியலை."

இதே இடத்தில் நான் எதிர்ப்பக்கமாக விழுந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஐ டோன்ட் நோ வென் வில் த லெட்டர் கம்" என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி சிவப்பு மையில் வட்டம் போட்டு எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினார். காரணத்தைச் சொல்லவில்லை. எனக்கு அது புரியப் பல வருஷம் ஆயிற்று. "கடிதம் எப்போது வரும்?" என்ற கேள்வி "எப்போது வரும் என்று தெரியவில்லை" என்பதற்குள் ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே உட்காருகிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலக் கேள்வியையும் அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போனால் புரட்டிப் போட்டதைத் திருப்பிப் போட வேண்டும்: "வென் த லெட்டர் வில் கம்". பாப்பாவுக்கு என்னைப் போல ஆகக்கூடாது அம்மா. காரணத்தோடு சொல்லிக்கொடு.

அடுத்த முறை அவள் "நீங்களா பேசுவீங்க?" என்றால் உடனே திருத்தாதே, என்னிடம் விட்டுவிடு. தமிழில் 'ஆ' எந்தச் சொல்லில் ஒட்டியதோ அந்தச் சொல்லுக்குத்தான் பதில் வரும். "பேசுவீங்களா?" என்றால் "பேசுவேன்" என்போம். "நீங்களா?" என்றால் "நான்தான்" என்போம். அதனால் அவள் கேட்டதற்கே நான் "ஆமாம் கண்ணு, நான்தான் பேசுவேன், பாட்டி இல்லை" என்று பதில் சொல்லப்போகிறேன். தான் கேட்க வந்ததற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கே தோன்றும். அப்போது நீ பக்கத்திலிருந்து "பேசுவீங்களா" என்று ஒரு தடவை சொல். அவள் திரும்பக் கேட்டதும் நான் "பேசுவேன்" என்பேன். அன்றைக்கு அது போதும். 'வந்தால்', 'வந்தாரா' எல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா