செல்விக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, காலையில் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

வீடியோவில் பாப்பாவைப் பார்த்தபோது மூக்குக்குக் கீழே ஏதோ பளபளவென்று இருந்தது. சளி ஒழுகுகிறது என்று முதலில் நினைத்தேன், பிறகுதான் தைலம் தடவியிருக்கிறது என்று புரிந்தது. தொட்டில் கயிற்றிலும் சின்னத் துணி மூட்டை ஒன்று தொங்கியது. "அது என்னடி?" என்று கேட்டதும் நீ போனைத் திருப்பி, "ஒண்ணுமில்லம்மா, அப்பு கூப்பிடுறான்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு மெசேஜ் மட்டும்தான் வருகிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு பிள்ளைகளையும் வேலையையும் சேர்த்து நீ பார்த்துக்கொள்வது எனக்கு எவ்வளவு பெருமை என்று அப்பாவிடம் கேள். ஆனால் இத்தனை வருஷம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

பாப்பாவுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கடியில் தைலம் தடவினால் சில்லென்று இருக்கும், அடைப்பு விட்டது போலத் தோன்றும். பெரியவர்களுக்கும் அப்படித் தோன்றுவதுதான், உள்ளே மூக்கு அகலமாவதில்லை. மெந்தால் அங்கே இருக்கும் குளிர்ச்சி நரம்பைத் தூண்டுகிறது, அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு அந்தத் தூண்டலில் தொண்டை இறுகி, சில நொடி மூச்சே நின்றுபோகலாம். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படியிருக்கும் என்று தெரியும்.

அமெரிக்காவில், வட கரோலினாவில், ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு மூக்கடியில் இப்படித் தைலம் தடவி, மூச்சுத் திணறலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்த மருத்துவர்கள் ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணியின் மூச்சுக்குழலில் சோதித்தார்கள். தைலம் பட்டதும் சளி கூடுதலாகச் சுரந்தது, அதை வெளியே தள்ளும் மெல்லிய மயிரிழைகளின் வேகமும் குறைந்தது. 2009-ல் அதை வெளியிட்டார்கள். சளிக்காகத் தடவுகிறோம், அதுவே சளியைக் கூட்டினால் என்ன செய்வது? இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று பல டப்பாக்களின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கும், ஒரு தடவை எடுத்துப் பார்.

தொட்டில் மூட்டையில் இருப்பது சூடம் என்றால் அதையும் எடுத்துவிடு. சூடம் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய் நெஞ்சுக்கும் வேண்டாம். கற்பூரம் தோல் வழியாக உள்ளே போகும். குழந்தையின் ஈரல் அதை மாற்றி வெளியேற்றப் பழகியிருக்காது.

மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் உப்புநீர் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மூக்கிலும் ஒரு சொட்டு விடு, சற்று நிமிர்த்திப் பிடி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடு. பாப்பா தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணு. 50-ஐத் தொட்டாலோ, அதைத் தாண்டினாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ காத்திருக்காதே. அது வெறும் சளி இல்லை, உடனே கொண்டு போ.

இனி அப்புவைப் பற்றி. அவனை நினைத்துத்தான் எனக்கு இன்னும் பயம். இரண்டு வயது, எதையும் வாயில் போடுவான், பூஜை அலமாரி அவன் கைக்கு எட்டுகிறது. அன்றைக்கு அவன் பின்னால் அந்தச் சூட டப்பா திறந்தபடி இருந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் வார்டுக்கு அவன் வயதுப் பையன் ஒருவன் வந்தான். பாட்டி பூஜை முடித்துவிட்டு அடுக்களைக்குப் போன நேரத்தில், கல்கண்டு என்று நினைத்துச் சூடத்தைக் கடித்திருக்கிறான். வாய் எரிந்து அழுதான், ஒரு வாந்தி எடுத்தான். பாட்டி சாதாரண வாந்தி என்று தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. காய்ச்சலே இல்லை. நான் குனிந்து அவன் வாயருகே மூக்கை வைத்தேன், கோயில் மணம். டாக்டரிடம் அதைச் சொன்னேன். பிறகுதான் பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மீதித் துண்டை எடுத்துக் காட்டினார். வலிப்பை நிறுத்த ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தோம். பிழைத்துக்கொண்டான். கற்பூரத்துக்கு மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது, வலிப்பை அடக்கி மூச்சைக் காப்பாற்றுவதுதான் வைத்தியம்.

கணக்கை நீயே போட்டுப் பார். ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போயிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்பார்கள். அப்பு 11 கிலோ இருப்பானா? அப்படியானால் 330 மில்லிகிராம். ஒரு கிராம் சூட வில்லையில் மூன்றில் ஒரு பங்கு, ஒரே கடி. இந்த வயதில் ஒரு கிராமே உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. ஐந்து சதவீதக் கற்பூரம் உள்ள தைலத்தை ஒரு டீஸ்பூன் தின்றால் கால் கிராம் ஆயிற்று, அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பச்சைக் கற்பூரம் பாயசத்தில் சிட்டிகை போடுவதுதானே என்று அலட்சியமாக இருக்காதே, அதுவும் கற்பூரம்தான்.

அவன் தின்றுவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாயில் இருப்பதைத் துடைத்து எடுத்துவிட்டு 108-ஐக் கூப்பிடு. விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதே. வலிப்பு எந்த அறிகுறியும் இல்லாமல் சட்டென்று வரும், அப்போது வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும். பாலும் எண்ணெயும் கொடுக்காதே, கற்பூரம் கொழுப்பில் கரைந்து சீக்கிரம் ஏறும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. கையில் இரும்புச் சாவி வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம். மீதித் துண்டையும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போ. பீரோவில் போடும் அந்துருண்டையா சூடமா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், இரண்டும் செய்யும் கேடு வேறு வேறு. நன்றாக விளையாடுகிறானே என்று வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காதே. பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், ஆனால் அந்த நேரத்தில் அவன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

அத்தை உன்னைப் பெற்ற பெண்ணாகப் பார்க்கிறார், எனக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு அவர் உனக்குச் செய்ததை நான் செய்திருக்க முடியாது. அவரிடம் நீ எதிர்த்துச் சொல்ல வேண்டாம். "எங்கம்மா நர்ஸ் புத்தி, விடமாட்டேங்குறாங்க" என்று பழியை என்மேல் போட்டுவிடு. அதுவும் கஷ்டம் என்றால் போனை அவரிடம் கொடு, நானே பேசுகிறேன். தைலத்தையும் சூடத்தையும் பச்சைக் கற்பூரத்தையும் ஒரு டப்பாவில் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் பூட்டி வை. விளக்கேற்றும் நேரத்தில் அத்தையே ஒரு வில்லை எடுத்துக்கொள்ளட்டும்.

இன்றைக்கே செய். செய்துவிட்டு, பாப்பா மூச்சு ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா