கல்யாணம் ஆனால் 'தெளிந்துவிடுமா'?

ஆசிரியர் அவர்களுக்கு,

இருபால் ஈர்ப்பு வயதுக் கோளாறு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று தங்கள் ஆலோசனைப் பகுதியில் படித்தேன். எனக்கு வயது 43. கல்லூரியில் ஒரு தோழியை விரும்பினேன். பிறகு ஒருவரைக் காதலித்து மணந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. விஷயம் தெரிந்த என் அக்கா, "அப்பவே சொன்னேன்ல, தெளிஞ்சிருச்சு" என்கிறார். அந்தத் தோழியோடு வாழ்ந்திருந்தால், "இவளுக்கு ஆம்பளைங்களே பிடிக்காது" என்றிருப்பார். பக்கத்தில் இருக்கும் துணையை வைத்து ஈர்ப்பைக் கணிப்பதால் வரும் குழப்பம் இது. இருபுறமும் கடல் உள்ள எங்கள் மண்டபம் ஊரில், தென்கடலில் வலை போடுகிறவரைப் பார்த்து, வடகடலை விட்டுவிட்டார் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் லிசா டயமண்ட் 79 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டு, 2008-இல் முடிவை வெளியிட்டார். பலர் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் நடுவில் மாறியது உண்மைதான். ஆனால் இருபால் ஈர்ப்பாளர் என்பதையோ, பெயரே வேண்டாம் என்பதையோ கைவிட்டவர்களைவிட அந்தப் பக்கம் வந்தவர்களே அதிகம். (ஆண்கள் அந்த ஆய்வில் இல்லை.)

அக்காவும் இந்த இதழைப் படிப்பவர்தான். அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்