‘நம்பினால் நஷ்டமில்லை’ என்று பேசுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கும், ஆன்மிகச் சொற்பொழிவாளர்களுக்கும், பயான் செய்யும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் வேறு வேறு மேடைகளில் பேசுகிறீர்கள், வேறு வேறு வேதங்களை மேற்கோள் காட்டுகிறீர்கள். ஆனாலும் ஒரு வாதம் மட்டும் உங்கள் எல்லோர் வாயிலும் ஒரே மாதிரி வருகிறது. “கடவுள் இல்லையென்றே வைத்துக்கொள்வோம். நம்பியவனுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. ஆனால் இருந்துவிட்டால்? நம்பியவனுக்கு முடிவில்லாத பேரின்பம், நம்பாதவனுக்கு முடிவில்லாத வேதனை. அப்படியானால் நம்பிவிடுவதுதானே புத்திசாலித்தனம்?” கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். இந்த வாதத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறவன். கடவுள் நம்பிக்கை உள்ளவன். நம்பிக்கைக்கு எதிராக இதை எழுதவில்லை. நம்பிக்கையைத் தாங்க முடியாத ஒரு தூணின் மேல் நீங்கள் அதை நிறுத்துகிறீர்களே என்ற வருத்தத்தில் எழுதுகிறேன்.

இந்த வாதத்துக்கு உலகம் முழுக்க ‘பாஸ்கலின் பந்தயம்’ என்று பெயர். பிளேஸ் பாஸ்கல் 1623-இல் பிரான்சில் பிறந்த கணித அறிஞர். சூதாட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று 1654-இல் ஃபெர்மா என்ற கணித அறிஞரோடு கடிதங்களில் விவாதித்தார். நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்துதான் வேர்பிடித்து வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 23 இரவு அவருக்கு ஆழமான ஓர் ஆன்மிக அனுபவம் வாய்த்தது. அதை ஒரு தாளில் எழுதி, தம் மேலங்கியின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். பந்தயத்தைப் பற்றி அவர் எழுதியது அச்சுக்குத் தயாரான கட்டுரை அல்ல. அடித்தல் திருத்தலோடு, ஓரங்களிலும் வரிகளை நெருக்கி எழுதிய குறிப்பு அது. 1662-இல் அவர் இறந்தபின், 1670-இல் வெளியான ‘பான்சே’ என்ற தொகுப்பில் அது இடம்பெற்றது.

அவருடைய கணக்கின் மையம் ஒன்றுதான்: பரிசு முடிவிலியாக இருந்தால், வெல்லும் வாய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பந்தயம் கட்டுவதே லாபம். கட்டும் பணயமோ அளவுள்ளது, ஒரு மனித ஆயுள். எனக்கு நம்பிக்கை வரவில்லையே, என்ன செய்வது என்று கேட்கிறவருக்கும் அவர் வழி சொன்னார்: நம்புகிறவர்கள் செய்வதைச் செய்யுங்கள், தீர்த்தத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள், திருப்பலிக்கு ஏற்பாடு செய்யுங்கள், நம்பிக்கை தானாக வந்து சேரும்.

இதற்கு மிகச் சுருக்கமான மறுப்பை எழுதியவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெனி திதரோ. 1762-இல் அவர் எழுதிய குறிப்பு ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: பாஸ்கல் சொல்வது அத்தனையையும் ஓர் இமாமும் சொல்லலாம்.

அது வெறும் கற்பனையும் அல்ல. பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி இதே வாதத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவர் காலமானது 1111-இல். அதற்கும் முன்னால், கி.பி. 300-ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்கக் கிறித்தவரான அர்னோபியஸ் கிட்டத்தட்ட இதையே ரோமானிய மதத்தவர்களிடம் சொன்னார். நம் பக்கத்திலும் பண்டிதர்கள் சொல்லும் ஒரு சமஸ்கிருத வரி உண்டு: மறுமை இல்லையென்றால் நமக்கு நஷ்டமில்லை, இருக்கிறதென்றால் நாத்திகன் தொலைந்தான். மூன்று மரபுகள், ஒரே வாதம், மூன்று வெவ்வேறு முடிவுகள். ஒரே கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சாதகமான விடையைத் தருமானால், அந்த விடை கணக்கிலிருந்து வரவில்லை. முன்பே உள்ளே வைத்ததுதான் வெளியே வருகிறது.

இதை எண்களில் போட்டுப் பார்ப்போம். ஒருவர் உங்கள் பேச்சைக் கேட்கிறார். முதல் மதம் உண்மையாக இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு, இரண்டாவது மதம் உண்மையாக இருக்கவும் பத்தில் ஒன்று, மறுமையே இல்லாதிருக்கப் பத்தில் எட்டு என்று அவர் நினைக்கிறார். இரண்டு மதங்களுமே தம்மைச் சேர்ந்தவருக்கு மட்டும் சொர்க்கம், மற்றவருக்கு நரகம் என்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாதத்தை ஒரு கட்டமாகப் போட்டால் அதில் இரண்டே வரிசைகள்தான் இருந்தன: கடவுள் உண்டு, இல்லை. இப்போது, இரண்டாவது மதமே உண்மை என்ற மூன்றாவது வரிசை வந்துவிட்டது. அந்த வரிசையில், முதல் மதத்தை நம்பியவருக்குக் கிடைப்பது முடிவில்லாத வேதனை. ‘நம்பினால் நஷ்டமில்லை’ என்ற வாக்கியம் இங்கேயே பொய்யாகிவிடுகிறது. பக்கத்து மதம் உண்மையானால், உங்கள் பேச்சைக் கேட்டு உங்களோடு வந்தவர் நாத்திகரைப் போலவே எல்லாவற்றையும் இழக்கிறார். சில மரபுகளில் அவர் நாத்திகரைவிட மோசமான நிலையில்கூட இருக்கலாம். வேறொரு தெய்வத்தை வணங்கியது அங்கே பெரிய குற்றம்.

இங்கே சிலர் சொல்வார்கள்: எல்லா மதமும் அப்படிக் கதவடைக்கவில்லையே என்று. உண்மைதான். தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர்களும் மீட்படைய முடியும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சொன்னது. எந்த வழியில் வந்தாலும் ஏற்பேன் என்னும் கடவுள் நம்மூருக்குப் புதியவர் அல்ல. ஆனால் அப்படிப்பட்ட கடவுளை அந்தக் கட்டத்தில் எழுதினால் பந்தயத்துக்கே வேலையில்லை. எதைத் தேர்ந்தாலும் பரிசு கிடைக்கலாம். யாருக்குப் பரிசு, யாருக்குத் தண்டனை என்று கட்டங்களை நிரப்புவது இறையியல். கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. பாஸ்கலின் வாதத்துக்கு உயிர்கொடுப்பது முடிவிலி. அதுவே அதன் உயிரையும் எடுக்கிறது. சாதாரணப் பந்தயத்தில் பரிசு 100 ரூபாய், வெல்லும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால் அந்தச் சீட்டின் மதிப்பு 10 ரூபாய். வாய்ப்பு நூறில் ஒன்றானால் மதிப்பு 1 ரூபாய். எது நல்ல சீட்டு என்று ஒப்பிட முடிகிறது. பரிசு முடிவிலியானால், பத்தில் ஒரு பங்கும் முடிவிலி, கோடியில் ஒரு பங்கும் முடிவிலி. நீங்கள் ஆயுள் முழுக்கப் படித்துத் தேர்ந்த மதமும், நேற்று எவரோ புதிதாகத் தொடங்கி முடிவில்லாத சொர்க்கம் தருவதாகச் சொல்லும் கூட்டமும், அதற்குத் துளியளவு வாய்ப்பாவது உண்டு என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில், இந்தக் கணக்கில் சமமாகிவிடுகின்றன.

ஆலன் ஹாயெக் என்ற தத்துவ அறிஞர் 2003-இல் இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார். நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் நம்புவேன், பூ விழுந்தால் விட்டுவிடுவேன் என்று ஒருவர் முடிவு செய்கிறார். அவர் எதிர்பார்க்கும் பலன் என்ன? முடிவிலியில் பாதி, அதுவும் முடிவிலிதான். லாட்டரியில் முதல் பரிசு விழுந்தால் நம்புகிறேன் என்று தள்ளிப்போடுகிறவருக்கும் அதே பலன். ஒன்றுமே செய்யாமல் இருப்பவரும் என்றோ ஒருநாள் நம்பிவிட ஏதோ கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறதல்லவா, அவருக்கும் அதே. ஆக, மற்ற மதங்கள் எதுவுமே இல்லாவிட்டாலும்கூட, இன்றே நம்பு என்று சொல்லும் வலிமை இந்தக் கணக்குக்கு இல்லை.

இதற்குச் சொல்லப்படும் பதில்களில் இரண்டு கவனிக்கத் தக்கவை. முதலாவது, கேட்கிறவர் மனத்தில் உயிரோடு இருக்கும் தேர்வுகளை மட்டும் எண்ணினால் போதும் என்பது. 1896-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இப்படித்தான் பிரித்துப் பார்த்தார். சூடானில் தம்மை இறைவன் அனுப்பிய வழிகாட்டி என்று அறிவித்துக்கொண்ட மஹ்தி நமக்குக் கடிதம் எழுதி, என்னை ஏற்றுக்கொண்டால் அளவற்ற இன்பம் என்று சொன்னால் அவருடைய தர்க்கமும் பாஸ்கலின் தர்க்கமும் ஒன்றுதான், ஆனால் அது நம்மை அசைக்காது, நம் மனத்தில் அதற்கு இடமே இல்லை என்றார். ஜேம்ஸின் அமெரிக்கக் கேட்பாளர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். உங்கள் கேட்பாளர்களுக்குப் பொருந்தாது. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் ஒரே குடும்பம் போய்வருகிற ஊரில், மூன்றுமே உயிருள்ள தேர்வுகள்தான். அதோடு, ஒரு தேர்வு ஒருவர் மனத்தில் உயிரோடு இருப்பது அவர் எங்கே பிறந்தார் என்பதைக் காட்டும். அது உண்மையா என்பதைக் காட்டாது.

இரண்டாவது பதில் நேர்மையானது. பரிசுகள் சமமாக இருந்தால், எது உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு உண்டோ அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது. எனக்கும் இது நியாயமாகவே படுகிறது. ஆனால் அதற்கான விலையைப் பாருங்கள். எதற்கு அதிக வாய்ப்பு என்று அறிய வேதங்களையும் வரலாற்றையும் சாட்சியங்களையும் ஆராய வேண்டும். அந்த ஆராய்ச்சி தேவையில்லை, லாபத்தைக் கணக்கிட்டாலே போதும் என்பதுதானே பந்தயத்தின் கவர்ச்சி? இந்தப் பதிலைச் சொன்னவுடன் பந்தயம் ஒதுங்கிக்கொள்கிறது, சாட்சியம் முன்னே வருகிறது.

பாஸ்கலுக்கே இது தெரிந்திருந்தது. அதே குறிப்பில், அவர் கற்பனையாகப் பேசவைக்கும் நண்பர் கணக்கையெல்லாம் கேட்டு முடித்து, இந்தச் சீட்டுகளின் மறுபக்கத்தைப் பார்க்க வழியே இல்லையா என்று கேட்கிறார். உண்டு, வேதாகமமும் மற்றவையும் என்று பதில் வருகிறது. தொகுப்பின் வேறு பக்கங்களில் இஸ்லாமை எடுத்துக்கொண்டு, தாம் ஏன் அதை ஏற்கவில்லை என்று வாதாடுகிறார். தீர்க்கதரிசனங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அவருடைய வாதங்கள் எனக்கு முழுக்க ஏற்புடையவை அல்ல. ஆனாலும் பந்தயம் மட்டும் தம் மதத்தைத் தேர்ந்து தந்துவிடும் என்று அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நீங்கள் மேடையில் நிறுத்திக்கொள்கிறீர்கள்.

ஒரு கூட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது, என் மாணவி ஒருத்தி பேச்சாளரிடம் போய், “ஐயா, என் தோழி வேறு மதம். அவங்க வீட்டிலயும் இதையேதான் சொல்றாங்க. நான் எதை நம்பணும்?” என்று கேட்டாள். அவர், “அதெல்லாம் ரொம்ப யோசிக்கக் கூடாதும்மா, பயம்தான் வரும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். அவளுக்குப் பயம் வந்தது அவருடைய பேச்சால்தான். தோழியோடு பேசும்போதெல்லாம், இருவரில் ஒருவர் நரகத்துக்குப் போகப் போகிறோம் என்ற நினைப்பு வருகிறது என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதாள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தில், அடுத்த துண்டுப் பிரசுரத்தில், ‘நம்பினால் என்ன நஷ்டம்’ என்ற பகுதியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், அவள் கேட்ட கேள்விக்கான உங்கள் பதிலை எழுதுங்கள்: உங்கள் மதம் உண்மை என்று நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள்? எந்த நூல், எந்த அனுபவம், எந்த மனிதரின் வாழ்க்கை உங்களை அதன் பக்கம் கொண்டுவந்தது? பதில் அரைப் பக்கம்தான் வந்தாலும் அதை அப்படியே அச்சிடுங்கள். அவளிடமும் அவள் தோழியிடமும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஒரு தத்துவ ஆசிரியர்