எடை அட்டவணையும் இல்லாத காலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உடல் எடை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணைக்குக் கீழே, “இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தும்” என்று ஒரு வரி இருந்தது. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, வரும் உடல் நிறைக் குறியீட்டெண் 23-க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்பது கட்டுரையின் சாரம். தங்கள் இதழில் மருத்துவப் பகுதியைப் பார்ப்பவர்களுக்கு இடது கால் தொடையின் பாதியோடு முடிந்துவிட்ட என்னைப் போன்றவர்கள் இந்த ஊரில் இருப்பது தெரியாமலிருக்காது; தெரிந்தும் அந்த வரியை விட்டுவைத்திருக்கிறீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

என் உயரம் 170 சென்டிமீட்டர். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்த எடை 62 கிலோ. தங்கள் கணக்கின்படி குறியீட்டெண் 21.5 வருகிறது. அதாவது, பாராட்டத்தக்க உடம்பு. எங்கள் பகுதியில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் இதே எண்ணைக் கண்ட உணவு ஆலோசகர், “அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க சார்” என்று வாழ்த்தி அனுப்பினார். அதே முகாமின் அடுத்த மேசையில் என் சர்க்கரை அளவைப் பார்த்தவர் வாழ்த்தவில்லை. இரண்டு மேசைகளுக்கும் இடையே நான்கு அடி தூரம்தான் இருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் எட்டிப் பார்க்கவில்லை.

எங்கே பிழை என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். வகுக்கும் உயரம் முழு மனிதனுடையது. வகுபடும் எடையில் ஒரு கால் இல்லை. உடலின் ஒவ்வொரு உறுப்பும் மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்பதற்கு மருத்துவத்தில் நெடுநாளாக ஒரு பட்டியல் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே பாதம் உட்பட 5.9 சதவீதம், தொடை 10.1 சதவீதம், ஆக இடுப்பிலிருந்து முழுக் கால் 16 சதவீதம். எனக்குத் தொடையில் பாதி போயிருப்பதால், 5.9-உடன் ஏறக்குறைய 5-ஐச் சேர்த்து 11 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போதிருக்கும் 62 கிலோ என்பது முழு உடம்பின் 89 சதவீதம். ஆகவே 62-ஐ 0.89-ஆல் வகுக்க வேண்டும், 69.7 கிலோ வருகிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் குறியீட்டெண் 24.1. இந்தியர்களுக்கு 23-லிருந்தே அதிக எடை என்று தாங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். ஆக, தங்கள் அட்டவணை எனக்குக் கொடுத்த நற்சான்று என் இல்லாத காலுக்குக் கொடுத்ததுதான்.

இந்தக் கணக்கைச் செய்ய முன்வரும் சிலரும் 62-உடன் அதன் 11 சதவீதத்தைக் கூட்டி முடித்துவிடுகிறார்கள். அது இழந்த காலை முழு உடம்பின் பங்காகக் கொள்ளாமல், எஞ்சிய உடம்பின் பங்காகக் கொள்வது. எனக்கு ஒரு கிலோவுக்குள்தான் வித்தியாசம். இடுப்போடு கால் எடுத்தவருக்கு இரண்டு கிலோ வரை போகும். இன்னும் சிலர், “செயற்கைக் காலோடு நில்லுங்கள், சரியாகப் போய்விடும்” என்பார்கள். என் செயற்கைக் கால் நான்கு கிலோ. போன காலோ ஏழரைக் கிலோவுக்கு மேல். எதுவும் சரியாகப் போகவில்லை. அது கொழுப்பும் தசையும் அல்ல, உலோகமும் பிளாஸ்டிக்கும். கழற்றிவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும். கழற்றினால் ஒற்றைக் காலில் நிற்கப் பிடிமானம் வேண்டுமே என்று கேட்டால், சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சுவரில் கையை ஊன்றினால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு சுவருக்குப் போய்விடும் என்பதை அங்கே யாரிடம் சொல்வது?

இரண்டு கால்களும் இல்லாதவர்களின் நிலை இன்னும் வேடிக்கை. அவர்கள் உயரத்தை இன்றைக்கு இருக்கிறபடி அளந்து வகுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒல்லியான மனிதர் ஒரே நிமிடத்தில் மிகைப் பருமன் ஆகிவிடுவார். கால்கள் இருந்தபோதிருந்த உயரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

இந்தச் சதவீதங்கள் எல்லாம் சராசரிகள்தாம், வயிறு பெருத்தவருக்கும் கை கால் பெருத்தவருக்கும் ஒன்றாகப் பொருந்தாதவை என்பதும் எனக்குத் தெரியும். தோராயமான விடை வேறு, தவறான விடை வேறு.

என் தங்கை மகனுக்குக் கால்கள் இரண்டும் இருக்கின்றன. ஆனால் இருசக்கர வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவனை எடை பார்க்கும் வழக்கமே எங்கும் இல்லை. “எவ்ளோ இருப்பீங்க, அறுபதா?” என்று கேட்டு அறுபது என்று எழுதிவிடுகிறார்கள். மருந்தின் அளவும் அந்த ஊகத்தின் மேல்தான் போகிறது. கோயம்பேட்டில் வெங்காய மூட்டையை நிறுக்கிறவர்கூடச் சாக்கு எடையைக் கழித்துச் சொல்கிறார். சக்கர நாற்காலியோடு ஏற்றி நிறுத்து, பிறகு நாற்காலியையும் மெத்தையையும் தனியே நிறுத்துக் கழிக்க மருத்துவமனைகளுக்கு ஒரு சாய்தள எடை மேடை கிடைக்கவில்லையாம். கடைசியில் ஒரு கிடங்கின் சரக்கு எடை மேடையில் நாங்களே நிறுத்தோம். அவன் 66 கிலோ, படுக்க வைத்து அளந்த உயரம் 172 சென்டிமீட்டர், குறியீட்டெண் 22.3.

தங்கள் அட்டவணை அவனுக்கும் வாழ்த்துச் சொல்லும். ஆனால் அசையாத கால்களில் தசை கரைகிறது; அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கிறது. தசை கொழுப்பைவிடக் கனமானது என்பதால், தராசில் எண் ஏறாமலே கொழுப்பு கூடிக்கொண்டே போகலாம். அதனால்தான் 2018-இல் அமெரிக்காவில் தண்டுவடக் காயத்துக்கென வெளியான மருத்துவ வழிகாட்டி, இவர்களுக்கு 22-லேயே உடல் பருமன் என்று கோடு போட்டது. மற்றவர்களுக்கு அங்கே அந்தக் கோடு 30-இல் இருக்கிறது. தங்கை மகன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டான். தாண்டியதைச் சொன்னது அவனுடைய பெல்ட்டே தவிர, எந்த மருத்துவச் சீட்டும் அல்ல.

காப்பீட்டுப் படிவம் ஒன்றில் குறியீட்டெண் கட்டத்தைக் காலியாக விட்டு, காரணத்தை ஓரத்தில் எழுதி அனுப்பினேன். ‘முழுமையற்றது’ என்று முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். படிவத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். இதை முன்பொரு முறை தங்களுக்கு எழுதியபோது, கடிதம் ‘இடமின்மையால்’ வரவில்லை. அடுத்த வாரம் மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, பூங்கொத்து கொடுக்கும் படங்களை வண்ணத்தில் போட்டிருந்தீர்கள். அதற்கு இடமிருந்ததில் எனக்கு வருத்தமில்லை.

தற்போது நான் கேட்பது இவ்வளவே: வரும் ஞாயிறு, அதே அட்டவணையின் அளவில் அல்ல, அதன் கீழே அந்த வரி இருந்த அளவில், உறுப்பு இழந்தவர்களும் தண்டுவடக் காயமுற்றவர்களும் இந்த எண்ணை அப்படியே கொள்ளக் கூடாது, தங்கள் மருத்துவரிடம் திருத்திய கணக்கைக் கேட்க வேண்டும் என்று ஒரு குறிப்பை வெளியிடுங்கள். மருத்துவப் பகுதியைப் பார்ப்பவருக்கு ஐயம் இருந்தால், மேலே கொடுத்திருக்கும் என் கணக்கையே அவர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெரம்பூர், சென்னை.