தேர்ச்சி மதிப்பெண் வகுத்தமை: செயலாளர் ஆண்டறிக்கை

மாட்டுங்காவில் கூடியுள்ள மும்பை மின்பணியாளர் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால், இவ்வாண்டு நம்மை மிகுதியும் வாதிட வைத்த சான்றிதழ்த் தேர்வு பற்றியே இங்கு விரித்துரைக்கிறேன்.

இதுவரை 60 கேள்விகளில் 30 சரியானால் தேர்ச்சி என்று வைத்திருந்தோம். ஓராண்டு கேள்விகள் எளிதாகவும் மறு ஆண்டு கடினமாகவும் அமைந்ததால், அதே 30 வெவ்வேறு திறமையைக் குறித்தது. ஆகவே 1971இல் அமெரிக்கத் தேர்வியல் ஆய்வாளர் வில்லியம் ஆங்காஃப் எழுதியதிலிருந்து வளர்ந்த முறையைப் பின்பற்றி, எட்டு மூத்த உறுப்பினர்களை நடுவர்களாக அமர்த்தினோம்.

முதலில், விளிம்பில் நிற்கும் தேர்வர் யார் என்பதை வரையறுத்தோம். மின்விசிறி இணைப்பைப் பிழையின்றிக் கொடுப்பார், எர்த் இல்லாததைக் கண்டுபிடிப்பார், ஆனால் மெயின் போர்டைத் திறந்ததும் ஒரு கணம் தயங்குவார். அப்படிப்பட்டவர்கள் நூறு பேர் எழுதினால் எத்தனை பேர் சரியாக விடையளிப்பார்கள் என்று, ஒவ்வொரு கேள்விக்கும் நடுவர்கள் தனித்தனியே எழுதித் தந்தார்கள்.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. 230 வோல்ட் வயரிங்கை எத்தனை வோல்ட் மெக்கரால் சோதிப்பது என்ற கேள்விக்கு (விடை 500) ஒருவர் 95 என்றும் மற்றொருவர் 10 என்றும் எழுதியிருந்தார்கள். "எங்கிட்ட வேலை பாக்குற பசங்கள்ல யாருக்கு இது தெரியாது?" என்றார் முதலாமவர். அவர் மனத்தில் இருந்தவர்கள் அவருடைய கைதேர்ந்த ஆட்கள். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே நூற்றுக்கு 25 பேர் சரியாக விடையளித்துவிடுவார்கள் என்பதை இரண்டாமவர் எண்ணிப் பார்க்கவில்லை. முந்தைய தேர்வில் இக்கேள்விக்கு 100க்கு 52 பேர் சரியாக எழுதியிருந்ததைக் காட்டினோம். அது தேர்வெழுதிய அனைவரின் கணக்கு. விளிம்பில் நிற்பவருக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கும். இரண்டாம் சுற்றில் அவர்கள் முறையே 50, 35 என்று மாற்றினார்கள். யாரும் மற்றவர் எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதையும் வலியுறுத்தினோம். வற்புறுத்திப் பெற்ற ஒற்றுமையால் பயனில்லை.

ஒவ்வொரு நடுவரின் 60 மதிப்பீடுகளையும் கூட்டி நூறால் வகுத்தபோது, இரண்டாம் சுற்றில் 36, 37, 38, 38, 39, 39, 40, 41 என்று வந்தன. சராசரி 38.5. நடுவர்களிடையே உள்ள வேறுபாட்டிலிருந்து கணக்கிட்ட சராசரியின் திட்டப்பிழை ஏறத்தாழ 0.6, அதாவது வேறு எட்டுப் பேர் அமர்ந்திருந்தால் 38 அல்லது 39 என்று வருவது இயல்பே. தவறான இணைப்பு உயிரைப் பறிக்கும் தொழில் என்பதால் செயற்குழு 39ஐ ஏற்றது. ஒரு மதிப்பெண்ணில் தவறுவோர் கட்டணமின்றி மீண்டும் எழுதலாம் என்றும் முடிவு செய்தோம்.

வரும் ஆண்டின் கேள்விகள் வேறு என்பதால் இந்த 39ஐ அப்படியே எடுத்துச் செல்ல இயலாது. புதிய ஆட்களுக்குத் தினமும் வேலை கற்றுத்தரும் உறுப்பினர்கள் அடுத்த நடுவர் குழுவில் சேரப் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்