கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் நகை தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நகைக்கடை உள்அலங்காரம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பாட் லைட்டுகளைக் கூட்டினால் ஷோகேஸில் உள்ள நகை எடுப்பாகத் தெரியும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. கோவையில் கடைகளுக்கு விளக்கு அமைத்துக் கொடுப்பது என் தொழில். அதை நம்பிச் செலவு செய்பவர்கள் ஏமாந்து போவார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சாதாரணக் கண்ணாடியின் இரண்டு பக்கங்களும் சேர்ந்து, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகின்றன. சாய்வாகப் பார்க்கும்போது இன்னும் கூடும். கேட்க இது சின்ன அளவுதான். ஆனால் எரியும் விளக்கின் முகம் நகையைவிடப் பல மடங்கு பிரகாசமானது. அதன் 8 சதவீதமே கண்ணைக் கூச வைத்து, கீழே இருக்கும் ஆரத்தை மறைத்துவிடும். விளக்கின் வாட்டைக் கூட்டினாலும் பயனில்லை. நகையின் மேல் வெளிச்சம் கூடும் அதே அளவுக்குக் கண்ணாடியில் தெரியும் விளக்கும் பிரகாசமாகும்.

அண்மையில் நான் பார்த்த ஒரு சிறிய கடையில் இதேதான் பிரச்சினை. கவுண்டர் கண்ணாடி தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் இருந்தது. உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரின் கண் சுமார் 120 செ.மீ., ஃபால்ஸ் சீலிங் 270 செ.மீ. ஸ்பாட் லைட் வரிசையை விற்பனையாளருக்குப் பின்னால், வாடிக்கையாளரின் கண்ணிலிருந்து 2 மீட்டர் முன்னே, கவுண்டரை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். கண்ணாடியிலிருந்து கண் 45 செ.மீ. மேலே, விளக்கு 195 செ.மீ. மேலே. ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். அப்படிப் பார்த்தால் விளக்கின் பிம்பம் கண்ணுக்கு முன்னே 37 செ.மீ. தூரத்தில், அதாவது நகைத் தட்டு இருக்கும் இடத்திலேயே விழுகிறது. வாடிக்கையாளர்கள் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வெளியே எடுத்துக் காட்டுங்க" என்று கேட்டதன் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கக் கணக்கே தேவையில்லை. கவுண்டர் மேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, வாடிக்கையாளரின் நாற்காலியில் உட்கார்ந்து, அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அதில் எந்த விளக்கு தெரிகிறதோ அதுதான் கண்ணைக் கூச வைக்கிறது.

அந்தக் கடையில் வரிசையை முன்னே கொண்டுவந்து, கவுண்டருக்கு நேர் மேலே, கீழ் நோக்கி வைத்தோம். கவுண்டரின் விளிம்பு வாடிக்கையாளரின் கண்ணிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருந்தது. அந்த உயரக் கணக்கில், கண்ணிலிருந்து முன்னே 80 செ.மீ.க்குள் இருக்கும் எந்த விளக்கும் அவருக்குக் கண்ணாடியில் தெரியாது. கவுண்டரின் அகலமோ 60 செ.மீ. தான், அதன் மறு விளிம்பும் கண்ணிலிருந்து 75 செ.மீ.யில் முடிந்துவிடும், அதனால் அதற்கு மேலே உள்ள சீலிங் முழுவதும் பாதுகாப்பான இடம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாற்காலிக்கு நேராக விளக்கு இருந்தால், குனிந்து பார்ப்பவரின் தலை நிழல் நகைமேல் விழும். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் வைத்தால் வெளிச்சம் இரு பக்கத்திலிருந்தும் வந்துவிடும். விளக்கின் முகம் உள்ளடங்கிய குழாய் வகையாக, கறுப்புத் தேன்கூட்டு வலை போட்டதாக இருந்தால் தள்ளி நிற்பவர்களுக்கும் கண் கூசாது.

சுவர் ஷோகேஸ் கதை வேறு. அதன் செங்குத்துக் கண்ணாடியில் தெரிவது பார்ப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பவை, குறிப்பாக வாசல் வெளிச்சம். உள்ளே வெளிச்சம் கூடினால்தான் அது அடங்கும். எல்.இ.டி. பட்டையை உள்ளே, மேல் முன் விளிம்பில், நகையை நோக்கித் திருப்பி வையுங்கள். பால் நிற மூடி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மழமழப்பான வளையலில் ஒவ்வொரு எல்.இ.டி.யும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும், வளையலின் வளைவு கண்ணுக்குப் பிடிபடாது. வைரத்துக்கு இது நேர் எதிர். பரவலான வெளிச்சத்தில் அதன் மினுக்கம் செத்துவிடும், சிறிய முகமுள்ள ஸ்பாட் லைட்டுகள்தான் அதற்குச் சரி. தங்கத்தையும் வைரத்தையும் ஒரே ஷோகேஸில் வைத்துவிட்டு இரண்டும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கேட்டால் என்னால் முடியாது.

பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் பூசியது 1 சதவீதம் அளவுக்குக் குறைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பூசியது ஏறக்குறைய பாதிதான் குறைக்கும், வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதில் விரல் ரேகை பளிச்சென்று தெரியும், கீறலும் விழும். நாள் முழுக்கக் கை படும் கவுண்டருக்கு வேண்டாம். தொடாமல் பார்க்கும் சுவர் ஷோகேஸுக்குத் தாராளமாகப் போடலாம்.

இப்படிக்கு,
கடை விளக்கு அமைப்பாளர்,
கோயம்புத்தூர்